ஆங்கிலப் படத் தலைப்பை இத்தாலியனுக்குக் கொண்டுபோவது: வைத்துக்கொள்வதா, ஒட்டுச் சேர்ப்பதா, மாற்றுவதா?

இத்தாலியில் படித்துவிட்டு சப்டைட்டில், டப்பிங் வேலைக்குள் நுழையும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வசனத்தை மொழிபெயர்க்க எல்லோரும் சொல்லித் தருவார்கள். "இந்தப் படத்துக்கு இத்தாலியப் பெயர் என்ன வைக்கலாம், நாளைக்குள் மூன்று யோசனை அனுப்புங்கள்" என்று விநியோகஸ்தர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் தட்டுத் தடுமாறிப் பிடித்த வரிசை கீழே இருக்கிறது. அகராதியைத் திறப்பது இதில் கடைசிப் பக்கம்தான் வரும்.

1. முடிவு யார் கையில் என்று முதலில் கேளுங்கள்

இத்தாலியில் படத்தின் பெயரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விநியோகஸ்தரின் விளம்பரப் பிரிவுதான். டப்பிங் வசனத்தை எழுதுகிறவரை அங்கே 'அதாத்தாத்தோரே' என்பார்கள். அவரைக்கூடப் பல நேரம் கேட்பதில்லை. நீங்கள் கொடுப்பது யோசனை மட்டும். அதற்கு மேலே, உரிமையை விற்ற அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் நிறுவனம் உட்கார்ந்திருக்கும். அதன் ஒப்புதல் இல்லாமல் பெயரை மாற்ற முடியாதபடி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பது வழக்கம்.

ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே மூன்று காகிதம் கேளுங்கள். ஒன்று, ஒப்பந்தத்தில் தலைப்பைப் பற்றிய பத்தி. முழு ஒப்பந்தமும் காட்ட மாட்டார்கள், அந்தப் பத்தியை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும். இரண்டு, முழு வசனப் பட்டியல். மூன்று, எந்த நாளுக்குள் எது அச்சுக்குப் போகிறது என்ற அட்டவணை. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். படம் வெளியாகும் தேதியைச் சொல்லி "நிறைய நேரம் இருக்கிறது" என்பார்கள். முன்னோட்டத்தின் கடைசியில் ஒரு குரல் படத்தின் பெயரைச் சொல்லும் இல்லையா, அந்தக் குரலைப் பதிவு செய்யும் நாள்தான் உங்கள் உண்மையான கெடு. அது வெளியீட்டுக்குப் பல வாரம் முன்னாலேயே வந்துவிடும்.

ஸ்ட்ரீமிங் தளத்துக்கு வேலை செய்தால் இந்தப் படியே இருக்காது. பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள், தலைப்பு அதில் முடிவாகி இருக்கும். அதை அப்படியே பயன்படுத்த வேண்டும், உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

2. ஏற்கெனவே ஓர் இத்தாலியப் பெயர் இருக்கிறதா?

யோசிக்கத் தொடங்கும் முன் தேடுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

படம் நாவலிலிருந்து எடுக்கப்பட்டதா? அப்படியானால் அந்த நாவல் இத்தாலியில் என்ன பெயரில் விற்கிறது என்று பாருங்கள். இத்தாலிய நூலகங்களின் கூட்டுப் பட்டியல் opac.sbn.it என்ற முகவரியில் இலவசமாகக் கிடைக்கும். ஆசிரியர் பெயரைப் போட்டால் எல்லாப் பதிப்பும் வந்துவிடும். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' இத்தாலியர்களுக்கு 'இல் பூயோ ஒல்த்ரே லா சியேபே', அதாவது வேலிக்கு அப்பாலான இருட்டு. நாவலுக்கும் அதுதான் பெயர், 1962 படத்துக்கும் அதுதான். பறவையைத் தேடிப் போகிறவன் அங்கே ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டான். 'கான் கேர்ள்' படம் 2014இல் வந்தபோது நாவல் ஏற்கெனவே 'லமோரே புஜார்தோ', பொய்யான காதல், என்ற பெயரில் கடைகளில் இருந்தது. படத்துக்கு 'லமோரே புஜார்தோ - கான் கேர்ள்' என்று வைத்தார்கள். நாவலை வாசித்தவரும் வந்தார், இணையத்தில் ஆங்கிலப் பெயரைக் கேள்விப்பட்டவரும் வந்தார்.

இரண்டாவது தேடல், பழைய படங்கள். நீங்கள் யோசித்த இத்தாலியப் பெயரில் வேறு படம் ஏற்கெனவே ஓடியிருக்கலாம். தணிக்கைக்குப் போன படங்களின் பதிவுகள் italiataglia.it என்ற தளத்தில் உள்ளன, 1913இலிருந்து தொடங்குகிறது. தேடுவதற்குக் காசு இல்லை. ஒரு முழுக் காலை நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு மிக அடிக்கடி வரப்போவது இதுதான்: படத்துக்குள் ஒரு பாத்திரம் இன்னொரு படத்தின் பெயரைச் சொல்வது. "நேற்று ராத்திரி ஹோம் அலோன் பார்த்தேன்" என்று ஒரு குழந்தை சொன்னால், இத்தாலியனில் 'மம்மா, ஓ பெர்சோ லாஎரெயோ' என்று வர வேண்டும். "அம்மா, எனக்கு விமானம் தப்பிவிட்டது" என்று பொருள். ஆங்கிலப் பெயரை நீங்களே வார்த்தைக்கு வார்த்தை மாற்றி எழுதினால் பார்ப்பவருக்கு எந்தப் படம் என்றே தெரியாது. டப்பிங் என்றால் கூடுதல் தலைவலி உண்டு. 'ஜாஸ்' என்பது ஒரே அசை, 'லோ ஸ்குவாலோ' மூன்று அசை. வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பெயரை வெட்டக் கூடாது; அந்த வாக்கியத்தின் மற்ற சொற்களைச் சுருக்குங்கள்.

3. தலைப்பு படத்துக்குள் எங்கே பேசப்படுகிறது?

வசனப் பட்டியலில் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் தேடுங்கள். தலைப்பே வசனமாக வருகிறதா, பாடலாக வருகிறதா, சுவரில் எழுதியிருக்கிறதா? அப்படி வருமானால் தலைப்பும் வசனமும் கைகோக்க வேண்டுமா, தனித்தனியே போகலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தனித்தனியே போய் நன்றாக அமைந்த ஓர் உதாரணம் 1989இன் 'டெட் போயட்ஸ் சொசைட்டி'. படத்துக்குள் மாணவர்கள் நடத்தும் குழுவின் பெயர் இத்தாலிய வசனத்தில் 'செத்தா தெயி பொயேத்தி எஸ்தின்தி' என்று வருகிறது. மறைந்துபோன கவிஞர்களின் குழு என்று கொள்ளலாம். ஆனால் படத்தின் பெயர் 'லாத்திமோ ஃபுஜ்ஜேந்தே', நழுவி ஓடும் கணம். ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்லும் 'கார்ப்பே தியெம்' பேச்சு இத்தாலிய வசனத்தில் "அந்தக் கணத்தைப் பறித்துக்கொள்" என்று வருகிறது. தலைப்பு அந்த நூலைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத் தலைப்பு குழுவைக் காட்டுகிறது, இத்தாலியத் தலைப்பு பாடத்தைக் காட்டுகிறது. இரண்டுமே படத்துக்குள் இருப்பவை. மாற்றும்போது இதுதான் என் அளவுகோல்: புதிய பெயரைப் படத்தின் ஏதாவது ஒரு காட்சியில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

இதே படியில் இலக்கணத்தையும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல் பல நேரம் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்று காட்டாது. இத்தாலியன் காட்டாமல் விடாது, முன்னால் வரும் சுட்டே காட்டிக்கொடுத்துவிடும். 'தி லாஸ்ட் ஜெடாய்' என்ற 2017 படத்தின் பெயரைக் கேட்டு ஒருவரா பலரா என்று ஆங்கில ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பிற மொழித் தலைப்புகள் வெளியானதும் விஷயம் தெரிந்துபோயிற்று: இத்தாலியில் 'ல்யி உல்திமி ஜெடாய்', பன்மை. உங்கள் படத்தின் பெயரில் 'டீச்சர்', 'கசின்', 'ஸ்ட்ரேஞ்சர்' போன்ற சொல் இருந்தால் ஊகிக்காதீர்கள். தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது மர்மப் படமாக இருந்தால் கொலையாளி ஆணா பெண்ணா என்பதைத் தலைப்பே சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

4. அப்படியே வைத்துக்கொள்வது எப்போது?

ஆங்கிலப் பெயரை வைத்துக்கொள்வதுதான் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இன்சைடு அவுட்', 'தி ஹெல்ப்', 'காஸ்ட் அவே' எல்லாம் இத்தாலியில் அப்படியே ஓடின.

நான் வைக்கும் சோதனை எளிது. ஆங்கிலம் அதிகம் தெரியாத, ஐம்பது வயது தாண்டிய இரண்டு மூன்று இத்தாலியர்களிடம் தலைப்பை எழுதிக் காட்டுங்கள். டிக்கெட் கவுண்டரில் நின்று கேட்பதுபோல வாசிக்கச் சொல்லுங்கள். தயங்காமல் வாசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு, "இது எந்த மாதிரி படம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை. தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருந்தால் போதும். இத்தாலிய நாக்குக்கு 'எச்' ஒலி நிற்காது, 'டிஎச்' ஒலி வழுக்கும், அடுக்கிய மெய்யெழுத்துகள் முட்டும். இரண்டு சொல் தலைப்புக்கு இதெல்லாம் பாரமில்லை. ஐந்து சொல் போனால் ஆள் வாயைத் திறக்காமல் போஸ்டரைக் கைகாட்டுவார்.

வைத்துக்கொள்வதிலும் ஒரு பொறி உண்டு. ஆங்கிலம் மாதிரி தெரியும் ஆனால் மூலத்தில் இல்லாத தலைப்பு. 2012இன் 'பிரேவ்' இத்தாலியில் 'ரிபெல்லே - தி பிரேவ்' ஆயிற்று. அந்த 'தி' மூலத்தில் கிடையாது. 1974இன் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' அங்கே 'ஃபிராங்கன்ஸ்டைன் ஜூனியர்'. இரண்டாவது நன்றாக ஒட்டிக்கொண்டது, இத்தாலியர்களுக்கு அந்தச் சொல் நன்றாகப் பழகியது, அதில் சிரிப்பும் இருந்தது. நீங்களாக இப்படி ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பினால் உரிமையாளர் பக்கத்திலிருந்து கேள்வி வரும். பதில் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

5. கோடு போட்டு ஒட்டுச் சேர்ப்பது

ஆங்கிலப் பெயர், ஒரு சிறு கோடு, இத்தாலிய வால். அல்லது முதலில் இத்தாலியன், பிறகு ஆங்கிலம். 'இன்டு தி வைல்ட் - நெல்லே தெர்ரே செல்வாஜ்ஜே', 'வில் ஹண்டிங் - ஜேனியோ ரிபெல்லே', 'ஸ்காப்பா - கெட் அவுட்'. இத்தாலியச் சுவரொட்டிகளில் இப்படிப்பட்டவற்றை நிறையப் பார்க்கலாம். எல்லோருக்கும் பிடித்த சமரசம் என்பதால் கூட்டத்தில் சீக்கிரம் ஒப்புதலாகிவிடும்.

வால் விளக்க வேண்டும், மறுபடி சொல்லக் கூடாது. 1990இன் 'கோஸ்ட்' படத்துக்கு 'கோஸ்ட் - ஃபந்தாஸ்மா' என்று வைத்தார்கள். பேய் - பேய். வேறு தகவல் ஒன்றும் இல்லை. 'வில் ஹண்டிங்' பெயரில் மட்டும் பார்த்தால் அது ஒரு மனிதனின் பெயர் என்பதுகூட இத்தாலியருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 'குட் வில்' என்ற சொல்லாட்டம் வேறு உடைந்துபோகும். "கலகக்கார மேதை" என்ற வால் அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடு செய்கிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திரையரங்க நேர அட்டவணையிலும் கைப்பேசித் திரையிலும் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். முன்னால் இருப்பது மட்டும் பிழைக்கும். முன்பாதி தனியாக நின்றாலும் படத்தின் பெயராகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

6. முழுக்க மாற்றுவது

மூலத் தலைப்பு இத்தாலியக் காதில் ஊமையாக இருந்தால்தான் இந்தப் படிக்கு வர வேண்டும். மரபுத்தொடர், சொல்லாட்டம், உள்ளூர்க் குறிப்பு ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

நல்ல மாற்றம் எப்படி இருக்கும்? 2009இன் 'தி ஹேங்ஓவர்' என்ற சொல்லுக்கு இத்தாலியனில் போதைத் தெளிவின் தலைவலியைச் சொல்லும் சொற்கள் உண்டு, ஆனால் எதுவும் போஸ்டரில் சிரிக்காது. 'ஊனா நொத்தே தா லெயோனி' என்று வைத்தார்கள்: சிங்கங்களாக வாழ்ந்த ஓர் இரவு. நூறு நாள் ஆடாக வாழ்வதைவிட ஒரு நாள் சிங்கமாக வாழ்வது மேல் என்ற பழமொழி அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாளை இரவாக்கினார்கள். மூலத்தின் ஒரு சொல்கூட இல்லை, படம் மட்டும் முழுசாக இருக்கிறது.

கெட்ட மாற்றத்துக்கு எல்லா இத்தாலியரும் சொல்லும் உதாரணம் ஒன்று. 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்', 2004. அலெக்சாண்டர் போப்பின் கவிதை வரி, படத்துக்குள்ளும் சொல்லப்படுகிறது. இத்தாலியில் அதற்குப் பெயர் 'செ மி லாஷி தி கன்செல்லோ': நீ என்னை விட்டுப் போனால் உன்னை அழித்துவிடுவேன். சரி, அழிப்பது கதையில் உண்டு, விரல் வைத்துக் காட்டலாம். பிறகு என்ன குறை?

குறை சொல்லில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1999இல் 'ரன்அவே பிரைடு' அங்கே 'செ ஸ்காப்பி, தி ஸ்போசோ' என்று வந்தது: நீ ஓடினால் உன்னைக் கட்டிக்கொள்வேன். 2003இல் ஒரு விவாகரத்துக் கூத்து 'ப்ரீமா தி ஸ்போசோ, பொயி தி ரொவீனோ' என்று வந்தது: முதலில் கட்டிக்கொள்வேன், பிறகு நாசமாக்குவேன். "நீ இப்படிச் செய்தால் நான் அப்படிச் செய்வேன்" என்ற அந்த ஓசையே காதல் நகைச்சுவையின் முத்திரையாகிவிட்டிருந்தது. ஜிம் கேரியின் முகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிரிக்க வந்தவர்கள் நினைவிழப்பையும் பிரிவையும் பற்றிய கனமான படத்தின் முன் உட்கார்ந்தார்கள். அந்தப் படத்தை விரும்பியிருக்கக்கூடியவர்களோ பெயரைப் பார்த்தே ஒதுங்கினார்கள்.

ஆகவே நீங்கள் யோசித்த பெயரை எழுதி, அதே வாக்கிய அமைப்பில் கடைசிப் பத்தாண்டில் வந்த இத்தாலியத் தலைப்புகளைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவை எந்த வகைப் படங்கள்? உங்கள் படம் அந்த வரிசையில் நிற்குமா? நிற்காது என்றால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிழித்துப் போடுங்கள்.

இழப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினெஸ்' தலைப்பில் வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழை உண்டு. இயக்குநர் இத்தாலியர், கப்ரியேலே முச்சீனோ. அவர் ஊரிலேயே அந்தப் பிழை இல்லாமல் 'லா ரிச்செர்கா தெல்லா ஃபெலிச்சித்தா' என்றுதான் ஓடியது. படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

7. இரண்டாம் பாகம் வந்தால்?

இதைக் கேட்காமல் எந்த யோசனையையும் அனுப்பாதீர்கள். 1988இல் 'டை ஹார்ட்' படத்துக்கு 'த்ராப்போலா தி கிறிஸ்தால்லோ' என்று வைத்தார்கள், கண்ணாடிப் பொறி. கண்ணாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் கதை, குற்றம் சொல்ல முடியாத பெயர். ஆனால் இரண்டாம் படம் விமான நிலையத்தில் நடந்தது. கண்ணாடியும் இல்லை, பொறியும் இல்லை. 1990இல் அது மூல நாவலின் பெயரை ஒட்டி '58 மினூத்தி பெர் மொரீரே - டை ஹார்டர்' ஆயிற்று. 1995இல் மூன்றாவது படத்துக்குத்தான் ஆங்கிலப் பெயர் முன்னால் வந்தது: 'டை ஹார்ட் - தூரி ஆ மொரீரே'. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் 'டை ஹார்ட்' என்றே தொடங்குகின்றன. குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு மட்டும் வேறு குடும்பப் பெயர்.

எதிர்ப்பக்க உதாரணம் 'மீட் தி பேரன்ட்ஸ்'. 2000இல் 'தி ப்ரெசெந்தோ இ மியேயி', என் வீட்டாரை உனக்கு அறிமுகப்படுத்துகிறேன். 2004இல் 'மி ப்ரெசெந்தி இ துவோயி?', உன் வீட்டாரை எனக்கு அறிமுகப்படுத்துவாயா? 2010இல் 'வி ப்ரெசெந்தோ இ நோஸ்த்ரி', எங்கள் ஆட்களை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். ஆங்கிலத்தில் இரண்டாவது, மூன்றாவது தலைப்புகள் ஒரு குடும்பப் பெயரின் கொச்சை ஒலியை நம்பி நிற்கின்றன. இத்தாலியருக்கு அது எட்டாது. என்னைக் கேட்டால் இத்தாலிய வரிசை மூலத்தைவிட நன்றாக இருக்கிறது.

நீட்டிக்கக்கூடியது சொல்லா, அமைப்பா என்று பாருங்கள். 'ஹோம் அலோன்' மூன்றாம் படத்தில் வேறு சிறுவன், அவனுக்கு விமானமே தப்பவில்லை. இருந்தாலும் 'மம்மா, ஓ ப்ரேசோ இல் மொர்பில்லோ' என்று சமாளித்தார்கள்: அம்மா, எனக்குத் தட்டம்மை வந்துவிட்டது. மூலத்தில் அவனுக்கு வருவது சின்னம்மை, அது கிடக்கட்டும். "அம்மா, நான் இப்படி ஆகிவிட்டேன்" என்ற அமைப்பு கையில் இருந்ததால் தொடர் பிழைத்தது.

8. ஒரு தலைப்பை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்

2019இன் 'நைவ்ஸ் அவுட்'. இத்தாலிய விநியோகஸ்தர் அறைக்குள் என்ன பேசினார்கள் என்று நாம் பார்க்கவில்லை. ஆனால் மேலே சொன்ன படிகளில் அதை ஏற்றி இறக்கினால் அவர்கள் வந்த இடத்துக்கு நாமும் வருகிறோம்.

நாவல் இல்லை, கதை படத்துக்காகவே எழுதியது. ஆகவே இரண்டாம் படியில் தடை இல்லை. வைத்துக்கொள்ளலாமா? 'நைவ்ஸ்' என்பதன் முதல் எழுத்து ஒலிக்காது என்பது இத்தாலியருக்குத் தெரியாது. அவர்கள் மொழியில் எழுதியது ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும், 'க்னீவெஸ்' என்று வாசிப்பார்கள். கவுண்டர் சோதனையில் தோல்வி. வார்த்தைக்கு வார்த்தை மாற்றலாமா? 'ஃபுவோரி இ கொல்தெல்லி' என்று வரும். கத்தியை எடுங்கடா என்று தெருச் சண்டையில் கத்துவதுபோல இருக்கிறது. ஒருவர் மேல் ஒருவர் பாயக் காத்திருக்கும் பணக்காரக் குடும்பம் அதில் தெரியவில்லை.

எந்த வகைப் படம்? ஒரு வீடு, ஒரு பிணம், ஒரு துப்பறிவாளர், சிரிப்பும் உண்டு. இந்த வகைக்கு இத்தாலியரிடம் ஒரு தொடர் தயாராக இருக்கிறது: 'செனா கொன் தெலித்தோ', கொலையோடு ஒரு விருந்து. உணவகங்களில் நடிகர்கள் கொலைக் கதை நடிக்க, சாப்பிட வந்தவர்கள் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு அதுதான் பெயர். 1976இன் 'மர்டர் பை டெத்' என்ற நையாண்டிப் படமும் அங்கே 'இன்வீத்தோ ஆ செனா கொன் தெலித்தோ', கொலை விருந்துக்கு அழைப்பு, என்றுதான் அறியப்படுகிறது. ஆக மூன்றே சொல்லில் வகையும் தொனியும் வந்துவிடுகின்றன. விரல் வைத்துக் காட்ட முடியுமா? கொஞ்சம் கஷ்டம். கிழவர் இறப்பது விருந்து மேசையில் இல்லை, பிறந்தநாள் விழா முடிந்த இரவில். நெருங்கித்தான் நிற்கிறது, நான் விட்டுக்கொடுப்பேன்.

இரண்டாம் பாகம்? துப்பறிவாளர் தொடருக்கு வாய்ப்பு அதிகம், அடுத்த கதையில் விருந்து இருக்கும் என்று உறுதி இல்லை. அதனால் ஆங்கிலப் பெயரை வாலாக வைத்தாக வேண்டும். வெளியானது இப்படி: 'செனா கொன் தெலித்தோ - நைவ்ஸ் அவுட்'. 2022இல் அடுத்தது வந்தபோது விருந்தைக் கழற்றிவிட்டு வாலை மட்டும் எடுத்து 'கிளாஸ் ஆனியன் - நைவ்ஸ் அவுட்' என்று வைக்க முடிந்தது. 'டை ஹார்ட்' குடும்பத்துக்கு வந்த சிக்கல் இங்கே வரவில்லை, முதல் நாளே வாலைப் போட்டு வைத்ததால்.

9. சட்டமும் வணிகப் பெயரும்

இத்தாலியப் பதிப்புரிமைச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 633ஆம் எண் சட்டம். அதன் 100ஆம் பிரிவு தலைப்பைப் பற்றியது. ஒரு படைப்பை அடையாளம் காட்டும் தலைப்பை, அதை உருவாக்கியவர் சம்மதமின்றி இன்னொரு படைப்புக்கு வைக்கக் கூடாது. குழப்பத்துக்கே இடமில்லாத அளவுக்கு வேறுபட்ட வகைப் படைப்பு என்றால் தடை இல்லை. ஆகவே பழைய சமையல் புத்தகத்தின் பெயர் உங்கள் திகில் படத்தைத் தடுக்காது. பழைய திகில் படத்தின் பெயர் தடுக்கும்.

வணிகக் குறியையும் பாருங்கள். tmdn.org/tmview என்ற இடத்தில் ஐரோப்பிய நாடுகளின் பதிவுகளை இலவசமாகத் தேடலாம். 9ஆம் வகையும் 41ஆம் வகையும் உங்களுக்கு முக்கியம், பதிவு செய்த படங்களும் கேளிக்கையும் அங்கேதான் வரும். குழந்தைப் படம் என்றால் பொம்மை, வாசனைப் பொருள் வகைகளையும் விட்டுவிடாதீர்கள். 2016இன் 'மோவானா' ஐரோப்பாவின் பல நாடுகளில் வேறு பெயரில் வந்ததற்கு வணிகக் குறியே காரணமாகச் சொல்லப்பட்டது. இத்தாலியில் அது 'ஓச்செயானியா', நாயகியின் பெயரும் வையானா. அந்த ஊரில் மோவானா என்றதும் நினைவுக்கு வருவது 1994இல் இறந்த ஒரு பிரபல வயதுவந்தோர் பட நடிகை. பெயர் மாறியதற்கு இதையும் காரணமாகப் பலர் சொல்வார்கள். பதிவேட்டில் தெரியாத இந்த வகை முட்டுக்கட்டையை உள்ளூர்க்காரர் ஒருவர்தான் பிடித்துத் தருவார். யாரிடமாவது தலைப்பைச் சத்தமாகச் சொல்லிக் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

வக்கீல் கருத்து தேவைப்பட்டால் அது விநியோகஸ்தரின் செலவு. நீங்கள் தேடியது என்ன, கிடைத்தது என்ன என்று எழுதிக் கொடுத்தால் போதும். "சட்டச் சிக்கல் இல்லை" என்று மட்டும் ஒருபோதும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

10. அனுப்பும் தாள், கூலி, நாள்

ஒரே பக்கம். மூன்று யோசனைக்கு மேல் வேண்டாம்: வைத்துக்கொள்வது ஒன்று, ஒட்டுச் சேர்த்தது ஒன்று, மாற்றியது ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆங்கிலத்தில் நேர்ப்பொருள் எழுதுங்கள். ஒப்புதல் தரப்போகிறவருக்கு இத்தாலியன் தெரியாது. அதற்குக் கீழே, கேட்பவர் மனதில் எந்த வகைப் படம் தோன்றும் என்று ஒரு வரி. இந்த வரி இல்லாமல் அனுப்பிய தாள்கள் எனக்குப் பல முறை திரும்பி வந்திருக்கின்றன, "மூலத்திலிருந்து ஏன் இவ்வளவு விலகல்?" என்ற ஒரே கேள்வியோடு. அடுத்து, படத்தில் விரல் வைத்துக் காட்டும் காட்சியின் நேரக்குறி. கடைசியாக, இரண்டாம் பாகத்துக்கு எப்படி நீளும் என்று ஓர் உதாரணப் பெயர்.

கூலியைப் பொறுத்தவரை, தலைப்பு வேலையை வசன மொழிபெயர்ப்புக் கட்டணத்துக்குள் சும்மா அடக்கிவிடப் பார்ப்பார்கள். தனி வரியாக, அரை நாள் அல்லது ஒரு நாள் வேலை என்று விலை சொல்லுங்கள். உங்கள் யோசனை ஏற்கப்பட்டால் மட்டும் பணம் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தேடலுக்கான நேரம் எப்படியும் செலவாகிவிட்டது, முடிவோ உங்கள் கையில் இல்லை.

மூன்று வேலை நாள் கேளுங்கள். ஒரு நாள் தேடலுக்கு, ஒரு நாள் யோசிக்க, ஒரு நாள் ஆட்களிடம் சொல்லிப் பார்க்க. "நாளைக்குள்" என்றால் தேடலை மட்டும் முடித்து, வைத்துக்கொள்ளும் யோசனையோடு அனுப்புங்கள். மாற்றும் யோசனையை அவசரத்தில் கொடுப்பதுதான் ஆபத்து. முடிவான பிறகு பெயர் எங்கெல்லாம் போகிறதோ அந்தப் பட்டியலை வாங்கிச் சரிபாருங்கள்: போஸ்டர், முன்னோட்டக் குரல், படத்தின் தொடக்க அட்டை, வயது வகைப்பாட்டுக்கு அமைச்சகத்துக்குப் போகும் விண்ணப்பம், ஸ்ட்ரீமிங் தளத்தின் தரவுப் பக்கம். கோடு ஓரிடத்தில் நீளமாகவும் ஓரிடத்தில் முக்காற்புள்ளியாகவும் மாறியிருக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். இத்தாலியத் தலைப்பில் முதல் சொல்லுக்கும் இயற்பெயருக்கும் மட்டும்தான் பெரிய எழுத்து. அச்சுக்குப் போகுமுன் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.